ஸ்டூலை அழிக்கலாம், நிழலை அழிக்கக் கூடாது

கேள்வி: "மொட்டை மாடியில் தங்கச்சியை ஸ்டூலில் படுக்க வைத்து ஒரு போட்டோ, வெறும் மாடியை ஒரு போட்டோ எடுத்தேன். ஸ்டூலை அழித்துவிட்டேன். ஆனால் மிதக்கிற மாதிரி இல்லை, வெட்டி ஒட்டின மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?"

பெரும்பாலும் ஸ்டூலோடு சேர்த்து நிழலையும் அழித்திருப்பீர்கள். ஆள் இருக்கும் போட்டோ மேல் லேயரில், வெறும் மாடி அதற்குக் கீழே இருக்கும்; மேல் லேயரின் மாஸ்கில் கருப்பு தீட்டிய இடம் மறைந்து வெறும் மாடி தெரியும். அந்த மாஸ்கில் கருப்பு பிரஷ்ஷை எடுத்து உடம்புக்குக் கீழே தரை வரைக்கும் தேய்த்தால் ஸ்டூல் போகும், கூடவே உடம்பின் நிழலும் போகும். தரையிலிருந்து ஆள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்பதை நம் கண் நிழலை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அது இல்லாவிட்டால் ஒட்டின படமாகத்தான் தெரியும்.

வெயிலில் எடுத்த படமென்றால் ஆள் இருக்கும் போட்டோவை மறுபடி பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்டூலின் பலகை உடம்பைவிடச் சிறியதாக இருந்தால் அதன் நிழல் உடம்பு நிழலுக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நான்கு கால்களின் நிழல் மட்டும்தான். அவை ஸ்டூல் கால் தரையைத் தொடும் இடத்தில் தொடங்கி உடம்பு நிழலில் போய் முடியும். கால்களையும் அந்த நான்கு பட்டைகளையும் மட்டும் அழியுங்கள், உடம்பு நிழலைத் தொடாதீர்கள். உங்கள் நிழல் உங்கள் உயரமே இருக்கும் நேரத்தில், 18 அங்குல ஸ்டூலில் படுத்தவரின் நிழல் 18 அங்குலம் தள்ளி விழும். நடுவில் வெறும் தரை தெரிகிறதே, அந்த இடைவெளிதான் மிதப்பதாகக் காட்டுகிறது. ஒரு கால் நிழல் அரைகுறையாக மிஞ்சினாலும் ஆளைத் தரையோடு கட்டிப் போட்டது போல ஆகிவிடும். நிழல் இல்லையே என்று சிலர் உடம்புக்கு நேர் கீழே ஒரு கருப்பு வட்டம் வரைவார்கள். சாய்ந்த வெயிலில் நிழல் அங்கே விழாது. கைப்பிடிச் சுவரின் நிழல் ஒரு பக்கம், ஆளின் நிழல் வேறு பக்கம் என்று படம் காட்டிக்கொடுத்துவிடும்.

மேகமூட்டத்தில் எடுத்திருந்தால் கதை வேறு. அப்போது ஓரம் தெரியும் நிழல் இருக்காது. உடம்புக்குக் கீழே தரை லேசாக, அகலமாக மங்கியிருக்கும். ஸ்டூல் கால் தரையைத் தொடும் நான்கு இடங்களில் மட்டும் அழுத்தமான புள்ளிகள் இருக்கும். புள்ளிகளை முழுக் கருப்பில் அழித்துவிட்டு, சுற்றியுள்ள மங்கலைப் பெரிய மென்மையான பிரஷ்ஷில், `Opacity` 20 சதவீதம் வைத்து மெல்லக் கலக்குங்கள். மங்கல் எல்லாமே போய்விட்டதென்றால் ஆளுக்குக் கீழே ஒரு புது லேயர் போட்டு `Multiply`-க்கு மாற்றி, தரையிலேயே நிழல் படிந்த இடத்தின் நிறத்தை எடுத்து உடம்பைவிடக் கொஞ்சம் அகலமாகத் தீட்டி `Gaussian Blur` கொடுங்கள். `Opacity` 30 பக்கம் வைத்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

இதெல்லாம் சரியாக வர இரண்டு போட்டோவும் துளி அசையாமல் பொருந்த வேண்டும். கேமரா டிரைபாடில், எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றும் மேனுவலில். போன் என்றால் ஆள் படுத்திருக்கும்போது திரையை அழுத்திப் பிடித்து லாக் செய்துவிட்டு, அதே லாக்கோடு வெறும் மாடியையும் எடுக்க வேண்டும். நடுவில் திரையில் வேறு இடத்தைத் தொட்டால் லாக் போய்விடும், அதனால் டைமர் வையுங்கள். ஆளை எடுத்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் வெறும் மாடியை எடுத்துவிட வேண்டும். சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. அரை மணி கழித்து எடுத்தால் சுவர் நிழல் இடம் மாறியிருக்கும், மாஸ்க் முடியும் இடத்தில் அது உடைந்து தெரியும்.

பொருந்தியதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மேல் லேயரை `Difference`-க்கு மாற்றுங்கள். ஆள், ஸ்டூல், அவற்றின் நிழல் தவிர மற்றதெல்லாம் கருப்பாக வேண்டும். தரை ஓட்டுக் கோடுகள் மெல்லிய வெளிச்சக் கோடாகத் தெரிந்தால் கேமரா அசைந்திருக்கிறது. தரை முழுக்க ஒரே சீராகச் சாம்பல் படர்ந்திருந்தால் வெளிச்சமோ எக்ஸ்போஷரோ மாறியிருக்கிறது.

பொருந்தியிருந்தால் ஆளை ஓரம் ஓரமாக வெட்டவே வேண்டாம். நிறைய பேர் இங்கேதான் முடியை ஒவ்வொரு இழையாக வெட்டி, விளிம்பில் வெள்ளைக் கோடு விழவைத்து, வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு போட்டோவிலும் பின்னணி ஒன்றுதானே? முடியைச் சுற்றி அரை அடி தாராளமாக விட்டுவிடுங்கள். உடம்பை ஸ்டூல் தொடும் அந்த ஒரு அடி நீளத்தில் மட்டும்தான் சின்ன, கெட்டியான பிரஷ் வேண்டும்.

அந்த ஒரு அடியில் எடிட்டிங்கால் சரிசெய்ய முடியாத தப்பு ஒன்று ஒளிந்திருக்கும். பலகையில் அழுந்திய முதுகும் இடுப்பும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலத் தட்டையாக இருக்கும், துணி அங்கே கசங்கி மடிந்திருக்கும். காற்றில் இருப்பவருக்கு அப்படி இருக்காது. இதற்கு எடுக்கும்போதுதான் வைத்தியம். பலகையின் முன் விளிம்பு உடம்பைத் தாண்டி கேமரா பக்கம் நீட்டாதபடி ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். தாவணியோ துப்பட்டாவோ இடுப்பிலிருந்து பலகைக்கு முன்னால் ஒரு அடி தொங்கட்டும். தொங்கும் துணியே அழுந்திய இடத்தை மறைத்துவிடும். ஆனால் துணி ஸ்டூல் காலில் படக் கூடாது, பட்டால் அந்த இடத்தில் மடங்கி நிற்கும். லென்ஸ் பலகை உயரத்திலேயே இருந்தால் பலகை ஒரு கோடு போலத்தான் தெரியும், அழிப்பதும் சுலபம். நீல, சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம். வெயிலில் அந்த நிறம் வெள்ளைச் சட்டையின் அடிப்பக்கத்தில் ஏறிவிடும், ஸ்டூல் போன பிறகும் அந்த நீலம் போகாது. பலகை மேல் உடை நிறத்திலேயே ஒரு துணி போட்டால் போதும்.

தங்கச்சி தலையைத் தூக்கிப் பிடித்திருந்தால் கழுத்து நரம்பு புடைத்திருக்கும், அதையும் பாருங்கள். தலையைப் பின்னால் சாயவிட்டு, முடியைத் தொங்கவிட்டு, ஒரு முழங்காலை லேசாக மடக்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் வேண்டவே வேண்டாம். ஒருவர் பின்னால் குனிந்து ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளட்டும். அவரும் மாஸ்கில் போய்விடுவார். அவருடைய கையோ தலையோ தங்கச்சியின் முடிக்குப் பின்னால் மட்டும் வரக் கூடாது. அங்கே இழைகளுக்கு நடுவே அவர் தெரிவார், வெறும் மாடிப் படத்தால் அதை அடைக்க முடியாது.

"குதிக்கச் சொல்லி எடுத்தால் போதுமே" என்று யாராவது கீழே எழுதலாம். நின்றபடி மிதக்கும் படத்துக்கு அது சரிவரும், தப்பு என்று சொல்லவில்லை. படுத்தபடி யாரும் குதிக்க முடியாது, இறங்கும்போது எடுத்தால் தலைமுடியும் துணியும் மேல் நோக்கிப் பறக்கும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லித்தரும் வீடியோக்கள் பலவற்றில் ஆளை வெட்டி, டவுன்லோடு செய்த மலையிலும் கடலிலும் ஒட்டுகிறார்கள். வெளிச்சம் வரும் திசையும் கேமரா உயரமும் அந்தப் படத்தோடு எப்படி ஒத்துப்போகும்? நீங்கள் சொந்த மாடியையே தனியாக எடுத்தது சரியான வழி. அதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு போட்டோவும் இன்னும் இருக்கும் அல்லவா? மாஸ்கை முழுக்க வெள்ளையால் நிரப்பி முதலிலிருந்து தொடங்குங்கள்: முதலில் கால்கள், பிறகு கால்களின் நிழல், கடைசியில் பலகை. முதுகு தட்டையாகத் தெரிந்தால் மட்டும் மறுபடி எடுங்கள்.