காதை அடைக்கும் முன்

அன்புள்ள ஐயா,

எங்களுக்குத் திருமணமாகிப் பதிமூன்று ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்கு வயது 45. அவருடைய குறட்டைக்கு ஓரளவு பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இரண்டு ஆண்டுகளாக அவருக்கு எடை கூடியதிலிருந்து சத்தமும் கூடிவிட்டது. நடுநடுவே சத்தம் அடியோடு நின்றுவிடும். அப்பாடா என்று கண்ணை மூடினால் பீறிட்டுக்கொண்டு மறுபடி தொடங்கும். போதாததற்கு இரவெல்லாம் புரள்வார், போர்வையை இழுத்துக்கொள்வார். மருந்துக்கடையில் இயர் பிளக் வாங்கி வைத்துப் பார்த்தேன். நள்ளிரவுக்குள் கழன்று தலையணையில் கிடக்கிறது. ஹாலில் போய்ப் படுத்தால், காலையில் மாமியார் ஒன்றும் கேட்காமல் என் முகத்தையே பார்க்கிறார். கணவரிடம் சொன்னால் "நீ பெரிதுபடுத்துகிறாய்" என்கிறார். தனிப் போர்வை என்றால் அதற்கும் முகம் வாடுகிறது. என்ன செய்யலாம்?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

போர்வைக்கும் இயர் பிளக்குக்கும் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. சத்தம் அடியோடு நின்று, பிறகு பீறிட்டுக்கொண்டு தொடங்குகிறது என்கிறீர்கள். உங்களுக்கு அப்பாடா என்றிருக்கும் அந்தச் சில விநாடிகளில் உங்கள் கணவருடைய மூச்சே நின்றிருக்கக்கூடும்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன, மூச்சுப்பாதை ஒடுங்குகிறது, ஒடுங்கிய வழியில் காற்று புகும்போது மென்னண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. சாதாரணக் குறட்டை இவ்வளவுதான். அது பக்கத்தில் இருப்பவருக்குத் தொல்லையே தவிர, விடுபவருக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் சிலருக்கு அந்தப் பாதை ஒடுங்குவதோடு நில்லாமல் முழுதாக மூடிக்கொள்கிறது. நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்க முயன்றுகொண்டே இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை அவரை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. பாதை திறந்து, பெரும் சத்தத்தோடு மூச்சு உள்ளே பாய்கிறது. பத்து விநாடிகளோ அதற்கு மேலோ மூச்சு இவ்வாறு நிற்பதையும், கணிசமாகக் குறைவதையும் மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மணிக்கு 5 முறையோ அதற்கு மேலோ நிகழ்ந்தால் அதைத் தூக்க மூச்சுத்தடை, அதாவது ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ என்றால் அது கடுமையானது. ஒவ்வொரு முறையும் உடல் அரைகுறையாக விழித்துக்கொள்வதால் இவர்களில் பலர் இரவெல்லாம் புரள்கிறார்கள். ஆகவே, நீங்கள் இரண்டு தொல்லைகளாகச் சொல்லும் குறட்டையும் புரளலும் ஒரே காரணத்தால் வருபவையாகவும் இருக்கலாம்.

இதை அவர் தானாக அறிந்துகொள்ள வழியே இல்லை. காலையில் அவருக்கு இதில் எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் தூங்கியதாகவே அவர் சத்தியம் செய்வார். சாட்சி நீங்கள் ஒருவர்தான். நல்ல இயர் பிளக்கை வைத்துக்கொண்டால் அந்தச் சாட்சியும் இல்லாமல் போகும். அதனால்தான், காதை அடைக்கும் முன் ஒரு மூன்று இரவுகளாவது கவனித்துக் கேளுங்கள் என்கிறேன்.

கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியின் கதையைச் சொல்கிறேன். கணவர் லாரி புக்கிங் அலுவலகம் நடத்துபவர், வயது ஐம்பதுக்குச் சற்று மேல். குறட்டையைப் பற்றி மனைவி எப்போது பேச்செடுத்தாலும் அது சண்டையில் முடிந்தது, ஏனென்றால் இரவு இரண்டு மணிக்கு அவரை உலுக்கி எழுப்பித்தான் பேச்சு தொடங்கும். அரைத்தூக்கத்தில் இருப்பவரிடம் எதைச் சொன்னாலும் அது குற்றச்சாட்டாகவே காதில் விழும். பிறகு அந்த அம்மையார் முறையை மாற்றினார். "உங்களுக்கு மூச்சு நிற்கிற மாதிரி எனக்குப் பயமாக இருக்கிறது, ஒரு நாள் பதிவுசெய்து பார்க்கட்டுமா?" என்று ஒரு ஞாயிறு காலையில் காபி குடிக்கும்போது கேட்டார். அவருடைய சம்மதத்தைப் பெற்ற பிறகே கைபேசியைத் தலைமாட்டில் வைத்து ஒலிப்பதிவு செய்தார். இந்தச் சம்மதம் முக்கியம். தெரியாமல் எடுத்து, நாலு பேர் சிரிக்கும்படி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, மனிதரை ஜென்மத்துக்கும் வாயடைக்க வைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் இருவரும் சேர்ந்து கேட்டார்கள். குறட்டை, பிறகு நிசப்தம், பிறகு திணறல். நிசப்தத்தின் நீளத்தை மனைவி கடிகாரத்தை வைத்து எண்ணிக் காட்டினார்; பல இடங்களில் இருபது விநாடி தாண்டியது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் தம்முடைய மற்ற சங்கதிகளையும் வாய்விட்டுச் சொன்னார்: காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று முறை எழுவது, மேசையில் உட்கார்ந்தபடியே கண் அயர்வது. இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். மாத்திரை எடுத்தும் அது கட்டுக்குள் வரவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் அவரைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். விரலிலும் மூக்கிலும் நெஞ்சிலும் உணர்கருவிகளைப் பொருத்திக்கொண்டு ஓர் இரவு தூங்கவேண்டும், அவ்வளவுதான். மணிக்கு 38 முறை மூச்சு தடைப்படுவதாக முடிவு வந்தது. இப்போது முகமூடி வழியாக மெல்லிய காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும் சீபேப் கருவியோடு அவர் தூங்குகிறார். முதல் சில வாரங்கள் முகமூடியைத் தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்தார். வேறு அளவில் முகமூடி மாற்றிய பிறகு பழகியது.

உங்கள் கணவருக்கும் இதுதான் என்று நான் சொல்லவரவில்லை. அவர் பகலில் உற்சாகமாக இருக்கிறாரா, டிவி முன்னால் உட்கார்ந்த உடனே தூங்கிவிடுகிறாரா, வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே வேண்டாம். புரளலைப் பற்றியும் ஒன்றைக் கேட்டறியுங்கள். படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருந்து, அசைத்தால்தான் அடங்குகிறது என்று அவர் சொன்னால் அது வேறு சங்கதி. இரும்புச்சத்துக் குறைவால் அப்படி வருவதுண்டு என்பதால் ஃபெரிட்டின் பரிசோதனை எழுதச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம்.

மருத்துவரைப் பார்த்து, மூச்சு நிற்கவில்லை, வெறும் குறட்டைதான் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மல்லாந்து படுக்கும்போது நாக்கு பின்னால் சரிவதால் பலருக்குச் சத்தம் கூடும். முதுகுக்கு அண்டையாக ஒரு நீளத் தலையணையை வைத்து ஒருக்களித்துப் படுக்கச் செய்தாலே பாதி குறையலாம். குடிப்பழக்கம் இருந்தால், குடித்துவிட்டுப் படுக்கும் இரவுகளில் தசைகள் மேலும் தளர்ந்து சத்தம் கூடுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். எடை குறைவது உதவும், ஆனால் அது இந்த வாரத்துக்கு உதவாது.

இனி இயர் பிளக். நுரை வகை கழன்று விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் அது பாதிதான் உள்ளே போயிருக்கிறது என்பதே. கை கழுவிவிட்டு, அதை விரல்களால் உருட்டி உருட்டி, மடிப்பு விழாத மெல்லிய திரி போல ஆக்குங்கள். வலது காதுக்கென்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், காதுக்குழாய் நேராகும். திரியை உள்ளே செலுத்தி, நுரை விரிந்து அடைத்துக்கொள்ளும்வரை முப்பது விநாடி விரல்நுனியால் பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்திருந்தால், முகத்துக்கு நேரே கண்ணாடியில் பார்க்கும்போது அதன் முனை காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. உங்கள் குரலே உங்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இவ்வளவு செய்தும் வலித்தால் உங்கள் காதுக்குழாய் சிறியது. சிறிய அளவு கேட்டு வாங்குங்கள்.

அதிகம் எதிர்பார்க்கவும் வேண்டாம். உறையில் அச்சிட்டிருக்கும் 32, 33 டெசிபல் எல்லாம் ஆய்வுக்கூடக் கணக்கு. படுக்கையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. குறட்டை கனத்த, தாழ்ந்த ஒலி. அத்தகைய ஒலியைத் தடுப்பது இன்னும் கடினம். எனவே குறட்டை மறையாது, தூரத்துக்குப் போகும். மீதியை மின்விசிறியின் இரைச்சல் மூடிவிடும். அழுக்கானதும் மாற்றிவிடுங்கள், காதில் சீழோ வலியோ இருந்தால் வைக்கவே வைக்காதீர்கள். வீட்டில் சிறு குழந்தையோ இரவில் அழைக்கக்கூடிய முதியவரோ இருந்தால், அந்த இரவு யார் காது திறந்திருக்கவேண்டும் என்பதையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

போர்வை இதில் மிக எளிது, ஆனால் நம் வீடுகளில் இதுதான் மிகக் கடினமாகிவிடுகிறது. ஒரே இரட்டைப் போர்வைக்குள் இருவர் படுத்தால், ஒருவர் திரும்பும்போதெல்லாம் மற்றவர் மேலிருந்து அது உருவப்படும். ஏசி அறை என்றால் அந்தக் குளிரிலேயே விழிப்பு வரும். டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகளில் தம்பதியர் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொள்வது வெகு இயல்பு. அவ்வளவு தூரம் போவானேன், பாய் விரித்துப் படுத்த நம் தாத்தா பாட்டிகளுக்கும் ஆளுக்கொரு போர்வைதான் இருந்தது. உங்கள் கணவருக்கு மெல்லிய பருத்திப் போர்வையும் உங்களுக்குக் கனமானதும் இருந்தால் மின்விசிறியின் வேகத்தைப் பற்றிய தகராறும் சேர்ந்தே தீரும். புரளும்போது கட்டிலே குலுங்குகிறது என்றால், பெரிய ஒற்றை மெத்தைக்குப் பதிலாக இரண்டு தனி மெத்தைகளை அதே கட்டிலில் ஒட்டிப் போட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்துவிடலாம். பார்ப்பவருக்கு வேறுபாடே தெரியாது.

அவர் முகம் வாடுவது போர்வைக்காக அல்ல என்று நினைக்கிறேன். தனிப் போர்வை, பிறகு தனிக் கட்டில், பிறகு தனி அறை என்று அவருக்குள் ஒரு படிவரிசை ஓடிக்கொண்டிருக்கலாம். அந்தப் பயத்தைப் பெயர் சொல்லியே பேசிவிடுங்கள். "உங்களை விட்டு விலகுவதற்காக இல்லை, நாளைக் காலை உங்கள்மேல் எரிந்து விழாமல் இருப்பதற்காக" என்று சொல்லலாம். ஒரு மாதம் பார்ப்போம், பிடிக்கவில்லையென்றால் பழையபடி ஆக்கிக்கொள்வோம் என்று கெடுவும் வைக்கலாம். விளக்கை அணைக்கும்வரை ஒன்றாகப் படுத்துப் பேசிக்கொண்டிருப்பதையும், நீங்கள் முதலில் தூங்கிய பிறகு அவர் தூங்குவதையும் அந்த ஏற்பாட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். குறட்டைக்காரருடன் படுப்பவருக்கு அந்த அரைமணி நேர முன்தூக்கம் பெரிய உதவி.

இத்தனைக்குப் பிறகும் சில இரவுகள் ஹாலுக்குப் போகவேண்டியிருக்கலாம். அதை நள்ளிரவில் தலையணையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் கோபமாக ஆக்காமல், மறுநாள் சீக்கிரம் எழவேண்டிய நாட்களில் முன்கூட்டியே சொல்லிவிட்டு அங்கேயே படுத்துவிடுங்கள். மாமியாருக்கான விளக்கத்தை நீங்கள் சொல்லவேண்டாம். "அம்மா, என் குறட்டையில் அவளுக்குத் தூக்கம் போகிறது, நான்தான் அங்கே படுக்கச் சொன்னேன்" என்று உங்கள் கணவர் சொல்லட்டும். அவருடைய அப்பாவும் குறட்டை விட்டவராக இருந்தால், அந்த அம்மாளுக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவைப்படாது.