ஆசிரியர் பணி விண்ணப்பத்தில் பாடம், வகுப்பு, சேரும் தேதி

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து ஒரு மெட்ரிக் பள்ளியில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். 8 முதல் 11 வரை எடுத்திருக்கிறேன். இன்னும் அங்கிருந்து விலகவில்லை. வேறு பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது எடுத்த வகுப்புகளையும் எப்போது சேர முடியும் என்பதையும் எப்படி எழுதுவது?

பதில்:

நானும் கணித ஆசிரியர்தான். மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் கால அட்டவணை போடும் பொறுப்பும் என்னிடம் இருந்ததால், ஏப்ரல், மே மாதங்களில் வந்து சேரும் விண்ணப்பங்களை முதல்வர் என்னிடமும் தள்ளிவிடுவார். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பள்ளிக்கு வேண்டியது பொதுவாக ஒரு கணித ஆசிரியர் அல்ல. விலகிப்போன ஒருவரின் பாடவேளைகளை அப்படியே ஏற்றுக்கொள்ளக்கூடியவர்தான் வேண்டும். அவர் 11ஆம் வகுப்பில் இரண்டு பிரிவும் 9ஆம் வகுப்பில் ஒரு பிரிவும் எடுத்திருந்தால், வாரத்துக்கு எட்டு, எட்டு, ஏழு என 23 பாடவேளைகள் காலியாக நிற்கும். விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும்போது எங்கள் கண் தேடுவது, இந்த வகுப்புகளை இவர் ஏற்கெனவே எடுத்திருக்கிறாரா என்பதைத்தான். ‘8 முதல் 11 வரை கையாண்டுள்ளேன்’ என்ற ஒரே வரி அதற்கு விடை சொல்வதில்லை, ஏனெனில் 11ஆம் வகுப்பை ஆண்டு முழுவதும் நடத்தியவரும், விடுப்பில் போனவருக்குப் பதிலாக மூன்று வாரம் நின்றவரும் அதே வரியைத்தான் எழுதுகிறார்கள். ஆகவே ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதுங்கள். உங்கள் விவரம் எனக்குத் தெரியாததால், ஒரு மாதிரிக்கு:

‘2021-22, 2022-23 கல்வியாண்டுகளில் 8, 9ஆம் வகுப்புகளுக்கும், 2023-24இல் 9, 10ஆம் வகுப்புகளுக்கும், 2024-25இல் 10ஆம் வகுப்பில் இரு பிரிவுகளுக்கும் 11ஆம் வகுப்பில் ஒரு பிரிவுக்கும் மாநிலப் பாடத்திட்டக் கணிதத்தை ஆங்கில வழியில் கற்பித்துள்ளேன். 11ஆம் வகுப்பின் இரு தொகுதிகளையும் முழுமையாக நடத்தியுள்ளேன். 12ஆம் வகுப்பு எடுத்த அனுபவம் இல்லை; எடுக்க ஆயத்தமாக உள்ளேன்.’

கடைசி வாக்கியத்தை எழுதப் பலர் தயங்குவார்கள். எழுதாமல் விட்டாலும் நேர்முகத்தில் அது வெளிப்பட்டுவிடும். 11ஆம் வகுப்பை முழு ஆண்டும் எடுத்தீர்களா என்பதும் அப்படித்தான். ‘காலாண்டுத் தேர்வுக்குள் 11இல் எந்தப் பாடம்வரை முடித்தீர்கள்?’ என்று எங்கள் முதல்வர் சாதாரணமாகக் கேட்பார். முழு ஆண்டு எடுத்தவர், கணங்கள், தொடர்புகள், சார்புகளில் ஆரம்பித்து முக்கோணவியலில் எத்தனை நாள் சிக்கிக்கொண்டோம் என்பதுவரை சொல்லிக்கொண்டே போவார். மற்றவர் பாடத்தலைப்புகளை மட்டும் ஒப்பிப்பார்.

மேல்நிலை என்றால் இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். அறிவியல் பிரிவின் கணிதமும் வணிகவியல் பிரிவின் வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியலும் வெவ்வேறு பாடங்கள். நீங்கள் எடுத்தது எது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளும் உங்களுக்கு ஒதுக்கப்படலாம் என்பதால், ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற்றிருந்தால் அதற்கும் ஒரு வரி போதும்.

சேரும் தேதிக்கு வருவோம். ‘உடனடியாகச் சேரத் தயார்’ என்று வழக்கமாக எழுதுகிறார்கள். இன்னும் விலகாதவர் அப்படி எழுதினால், எங்களையும் இதேபோல் பாதியில் விட்டுப் போவாரோ என்றுதான் தோன்றும். முதலில் உங்கள் பணி நியமன ஆணையை எடுத்து, விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு மாதம் என்றால், ‘ஏப்ரல் 30 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்படுவேன், மே இரண்டாம் வாரம் முதல் எந்த நாளிலும் சேர இயலும்’ என்று தேதியோடு எழுதலாம். பள்ளி ஜூனில் திறந்தாலும் ஆசிரியர்களைச் சில நாள் முன்பே அழைத்துவிடுவார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தேதியை எழுதுவதற்கு முன், உங்கள் அசல் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன என்பதைச் சரிபாருங்கள். சேரும்போது அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளிகள் இன்றும் உண்டு. அது சரியான வழக்கமல்ல என்பது என் கருத்து. நான் முதன்முறை பள்ளி மாறியபோது ஜூன் முதல் தேதியே சேருவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய பள்ளியிலோ, தாளாளர் வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் தருகிறோம் என்று இழுத்தடித்தார்கள். சான்றிதழும் விடுவிப்பு ஆணையும் கைக்கு வந்து நான் போய்ச் சேர்ந்தபோது பதினொரு நாள் கடந்திருந்தது. எனக்கென்று சொல்லியிருந்த 11ஆம் வகுப்பை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் எனக்கு 7ஆம் வகுப்புதான்.