தமிழில் உள்ள குர்ஆன் வசனத்தை அரபியில் தருவது எப்படி?

"சுவரில் தமிழில் எழுதியிருந்த குர்ஆன் வசனத்தைப் படம் எடுத்தேன். அதை அரபியில் மொழிபெயர்க்கலாமா?"

வேண்டாம், மூல வசனத்தையே தேடி எடுங்கள். குர்ஆன் என்பது அந்த அரபிச் சொற்களேதான்; தமிழில் இருப்பது அவற்றின் பொருள். உரையைப் படித்துவிட்டு நாமாக எழுதுவது வள்ளுவர் குறள் ஆகாதே, அப்படித்தான் இதுவும்.

சரி, படத்தில் "துன்பத்துக்குப் பின் இன்பம், 94:5" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை அரபியாக்கினால் 'பின்' என்பதற்கு 'பஅத' வந்துவிடும். மூலத்தில் இருப்பதோ 'மஅ', அதாவது 'உடன்': "ஃபஇன்ன மஅல் உஸ்ரி யுஸ்ரா". துன்பம் முடிந்த பிறகு அல்ல, துன்பத்தோடேயே! 'பஅத' வருவது 65:7இல். அடுத்த வசனமான 94:6இல் முதலில் உள்ள 'ஃப' மட்டும் இல்லை, அதனால் எண்ணையும் சரிபாருங்கள்.

இலக்கணம் சரியாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பிழையில்லாத அரபி வாக்கியம் குர்ஆன் வசனம் ஆகிவிடாது.