ஒளித்தொகுப்பு இலைச் சோதனை: பாடக்குறிப்புக் கேள்வி பதில்

கிளிநொச்சி: சேர், "ஒளித்தொகுப்புக்கு ஒளி தேவை என்பதை மாணவர் விளங்கிக்கொள்வர்" எண்டு நோக்கம் எழுதினன். ஆலோசகர் வட்டம் போட்டுத் திருப்பித் தந்திட்டார். என்ன பிழை?

விளங்கிக்கொண்டதை நீங்கள் கண்ணால் காண ஏலாது, தங்கச்சி. பிள்ளை கையால் செய்வதை, தாளில் எழுதுவதை நோக்கமாக்குங்கள். "இலையின் மூடிய பகுதியையும் மூடாத பகுதியையும் அயடீன் நிறத்தைக் கொண்டு ஒப்பிட்டு, மாப்பொருள் உண்டாக ஒளி தேவை என்ற முடிவைக் காரணத்துடன் எழுதுவர்" என்று போட்டால் கணிப்பீட்டுக் கேள்வியும் அதிலிருந்தே வந்துவிடும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் நடுவில் பட்டி மூடிய இலைப் படம் ஒன்றைக் கொடுத்து, அயடீன் இட்டபின் வரும் நிறங்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: மாப்பொருள் உள்ள இடம் கருநீலம், இல்லாத இடம் மஞ்சட்கபிலம். அதற்கு 2 புள்ளி. பிறகு இதைக் கேளுங்கள்: "ஒரு குழு மதியம் இலையை மூடி அன்றே பிற்பகல் பறித்தது. மூடிய இடமும் கருநீலமாக வந்தது. ஏன்?" இதற்கும் 2 புள்ளி. மூடுவதற்கு முன்பே அங்கே மாப்பொருள் இருந்தது என்று எழுதிய பிள்ளைக்குப் பாடம் பிடிபட்டுவிட்டது. "சோதனை பிழைத்துவிட்டது" என்று மட்டும் எழுதினால் புள்ளி இல்லை.

துணுக்காய்: செவ்வரத்தை வேலியிலதான் நிக்குது, சாடியில இல்லை. இருட்டறைக்குள்ள வைக்கிறது எப்படி? கறுத்தப் பொலித்தீன் பை கட்டலாமோ?

வேண்டாம். நம்முடைய வெயிலில் கறுத்தப் பைக்குள் இலை அவிந்துவிடும். அவிந்த இலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வேலியில் நிற்கும் செடிக்கு இரவே இருட்டறை. பகலில் சேர்ந்த மாப்பொருளின் பெரும்பகுதியை இலை இரவில் சீனியாக்கிச் செலவழித்துவிடும். புதன்கிழமைப் பாடத்துக்குத் திங்கள் பொழுதுபட்டபின் இலையின் நடுவே, இரண்டு பக்கமும் சேர்த்து, இரண்டு விரல் அகல அலுமினியத் தாளைச் சுற்றிக் கிளிப் போடுங்கள். இரண்டு இரவு கடந்துவிடும். மூடிய பட்டியில் மாப்பொருள் வடிந்துபோகும், மூடாத பகுதியில் பகல் வெளிச்சத்தில் மறுபடி சேரும். கீழ்ப்பக்கத்தைத் திறந்துவிட்டால் தெறித்து வரும் வெளிச்சமே போதும், பட்டி மங்கலான நீலமாக வந்து குழப்பும்.

இலையைப் பறிப்பது இடைவேளைக்குப் பிறகு. முதலாம் பாடவேளையில் பறித்த இலை எங்கும் மஞ்சட்கபிலமாகவே நிற்கும். மாரி மழைக் காலத்தில் இந்தப் பாடத்தைப் போடாதீர்கள், வெயில் எறிக்கும் கிழமைக்குத் தள்ளி வையுங்கள்.

புதுக்குடியிருப்பு: இலையைச் சுடுதண்ணியில அவிச்சாலே பச்சை கழண்டுடும்தானே? பிறகேன் மதுசாரம்?

பாதி சரி. சுடுநீர் அவசியம், ஆனால் அது பச்சையத்தைக் கரைப்பதில்லை. கலங்களைக் கொன்று, மென்சவ்வுகளைத் தளர்த்தி, மதுசாரமும் அயடீனும் உள்ளே போக வழி திறக்கிறது. மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியமும் அங்கே நின்றுவிடும். பச்சையம் கரைவது மதுசாரத்தில்தான்.

கொதித்த நீரில் இரண்டு நிமிடம், பிறகு கொதிகுழாயில் இலை மூழ்கும் அளவு, 15 மில்லிலீற்றர் போல மதுசாரம். குழாயைச் சுடுநீர்க் கோப்பைக்குள் வையுங்கள். பச்சை நீங்கிய இலை மொரமொரவென்று உடையும், அதனால் மறுபடி இளஞ்சூட்டு நீரில் தோய்த்து இளக்கி, வெள்ளைத் தட்டில் விரித்து அயடீன் விடுங்கள்.

ஒட்டுசுட்டான்: மதுசாரத்தை விளக்கில நேரா சூடாக்கலாமோ? எங்களிட்ட விளக்கு இருக்கு.

கூடாது. மதுசாரம் 78 பாகையிலேயே கொதிக்கும். ஆவி மேசை நீளத்துக்குப் பரவி எங்கோ இருக்கும் சுடரில் பற்றும். கேத்தலில் கொதித்த நீரைச் சுடுநீர்ப் போத்தலில் கொண்டுபோங்கள். வகுப்பில் நெருப்பே வேண்டாம். நீர் ஆறினால் ஒருமுறை மாற்றுங்கள். பக்கத்தில் நனைத்த சாக்கு ஒன்று இருக்கட்டும்.

மாங்குளம்: எங்களுக்கு 40 நிமிடப் பாடவேளை ஒண்டுதான். இது எப்படி முடியும்?

முடியும். முதல்நாள் பிற்பகல் இலையைப் பறித்துக் கொதிநீரில் தோய்த்து, மூடியுள்ள போத்தலில் மதுசாரத்துக்குள் இரவு முழுக்க விடுங்கள். சூடே வேண்டாம், காலையில் இலை வெளிறியிருக்கும். ஆனால் பச்சை கழன்று வருவதைப் பிள்ளைகள் காணவேண்டும். அதற்கு ஒரு குழாயை மட்டும் ஆசிரியர் சுடுநீரில் வைத்துக் காட்டுங்கள். பத்து நிமிடம் எதிர்பார்ப்பை வரைய, பதினைந்து நிமிடம் அயடீனும் அவதானமும், மிச்சம் கலந்துரையாடலும் கணிப்பீடும்.

மல்லாவி: சேர், தாள் ஒளியை மட்டுமா மறைக்குது? காத்தையும் மறைக்குதே. இலைவாய் கூடுதலா கீழ்ப்பக்கம். காபனீரொட்சைட்டு போகாததாலதான் மாப்பொருள் இல்லை எண்டு ஒரு பிள்ளை சொன்னால்?

அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள். அலுமினியத் தாள் ஒரே நேரத்தில் இரண்டு காரணியை மாற்றுகிறது. அடுத்த இலையில் அதே அகலத்துக்கு நிறமற்ற பொலித்தீன் பட்டியை அதே கிளிப்பால், அதே நேரத்தில் கட்டுங்கள். அங்கே கருநீலம் வந்தால் காற்றுத் தடை காரணமல்ல. அங்கேயும் மங்கினால் "ஒளி" என்று முடிவெழுத வேண்டாம், பட்டியைத் தளர்வாகக் கட்டித் திரும்பச் செய்யுங்கள்.

கிளிநொச்சி: சாதாரண தரப் பிள்ளையளுக்கு இது பாரம். வினாத்தாளில தாள் மூடின இலை மட்டும்தான் வரும். ரெண்டு இலை வைச்சால் நோக்கம் சிதறிப்போகும்.

மல்லாவி: கட்டுப்பாடில்லாத பரிசோதனையைப் படிப்பிச்சுப்போட்டு அதுதான் விஞ்ஞானம் எண்டு சொல்லலாமோ?

இருவரிலும் நியாயம் உண்டு. முதன்மை நோக்கத்தை மாற்றாமல், பொலித்தீன் இலையை ஒரு குழுவிடம் மட்டும் கொடுங்கள். "இந்தக் குழு ஏன் நிறமற்ற பட்டி கட்டியது?" என்பதை விரிவாக்கற் கேள்வியாக வையுங்கள், புள்ளி போடவேண்டாம். மெதுவாகக் கற்கும் வகுப்பென்றால் நானும் அடுத்த பாடத்துக்கு விட்டுவிடுவேன். அதே நேரம் மல்லாவி கேட்டது பாடக்குறிப்பின் ஓரத்திலாவது எழுதப்பட வேண்டும்.

மல்லாவி: இலைக்குள்ள உள்ள காத்திடைவெளி வழியா பக்கத்திலிருந்து வாயு வராதோ?

கொஞ்சம் வரும். எவ்வளவு தூரம் என்பது இலைக்கு இலை மாறும், நரம்புகள் தடுத்துவிடும் இலைகளும் உண்டு. பட்டியின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோலத் தெளிவாக வருகிறதா, மங்கி மங்கி வருகிறதா என்று பிள்ளைகளே பார்த்து வரையட்டும். காரணம் என்னவென்று அந்த ஓரத்தை மட்டும் வைத்து நான் முடிவு சொல்லமாட்டேன், கிளிப் இறுகிய விதமும் அதில் கலந்திருக்கும்.

விசுவமடு: மாவிலை வைச்சுச் செய்யலாமோ?

மெழுகுத் தோல் தடிப்பு. பச்சை எளிதில் கழலாது.

முழங்காவில்: வாழை, வெங்காய இலை?

வெங்காய இலை மாப்பொருளாகச் சேமிப்பதில்லை, வெயிலில் நின்றாலும் நீலம் வராது. மேலே செவ்வரத்தை பற்றிப் பேசினோம், அதையே எடுங்கள்.

பூநகரி: தேமா இலை?

செவ்வரத்தை.

நெடுங்கேணி: எங்கட ஆய்வுகூடத்தில அயடீன் முடிஞ்சுது. காயத்துக்குப் போடுற கபில மருந்து?

பொவிடோன் அயடீனை நீர் விட்டு வெளிர்தேநீர் நிறத்துக்கு ஐதாக்குங்கள். முதலில் சோற்றுப் பருக்கையில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், கருநீலம் வந்தால் இலைக்கும் போதும். அப்படியே விட்டால் இலை முழுக்கக் கபிலமாகி நீலத்தை மறைத்துவிடும்.

வவுனியா: சேர், ஒளித்தொகுப்பு அலகுக்கு முழு நோட்ஸ் அனுப்புவீங்களோ?

இது பாடக்குறிப்பு பற்றிய பகுதி, தம்பி. நோட்ஸுக்கு உங்கள் பாடநூலைப் பாருங்கள்.

மாங்குளம்: 40 பிள்ளையளுக்குப் பொருள் எவ்வளவு எழுதுறது?

ஐந்து பேராக எட்டுக் குழு. மூடிய இலை 8, உடைந்தால் மாற்ற 3, பொலித்தீன் பட்டி இலை 1, ஆசிரியர் காட்ட 1. ஊறவிடும் இலைகளுக்கு ஒரு அகன்ற போத்தலும் 250 மில்லிலீற்றர் மதுசாரமும், ஆசிரியர் குழாய்க்கு 15 மில்லிலீற்றரும். ஒவ்வொரு குழுவுக்கும் வெள்ளைத் தட்டு, இடுக்கி, துளிவிடு குழாய். பொருள் நிரலில் "மதுசார விளக்கு" என்று பழக்கத்தில் எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள்.