41,667 சதவீதம் என்றால் என்ன? மல்டிவைட்டமின் பாட்டிலின் சதவீதப் பத்தி

கேள்வி: எனக்கு 61 வயது. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து மகள் அனுப்பிய மல்டிவைட்டமினை ஏழு மாதமாகத் தினமும் இரண்டு மாத்திரை எடுத்து வருகிறேன். பாட்டிலின் பின்னால் பி12-க்கு 41,667%, பயோட்டினுக்கு 16,667%, பி6-க்கு 2,941% என்று போட்டிருக்கிறது. வைட்டமின் ஏ மட்டும் 167%. அச்சுப்பிழையா? பாதம் மதமதப்பாக இருக்கிறதென்று இங்குள்ள டாக்டர் எழுதிய நரம்பு மாத்திரையும் காலை, இரவு போடுகிறேன். அதில் பைரிடாக்சின் 10 மி.கி. என்று இருக்கிறது. மதமதப்பு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. அடுத்த வாரம் தைராய்டு டெஸ்ட் வேறு இருக்கிறது. மல்டிவைட்டமினைத் தொடரலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: அச்சுப்பிழை இல்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் லேபிளுக்காக ஒவ்வொரு சத்துக்கும் ஒரு நாள் அளவை நிர்ணயித்திருக்கிறது. பி12-க்கு அது 2.4 மைக்ரோகிராம். உங்கள் இரண்டு மாத்திரையில் 1,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஆயிரத்தை 2.4-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 41,667 வரும். அந்தப் பத்தி சொல்வது இந்த விகிதத்தை மட்டுமே. எந்த அளவுக்கு மேல் போனால் உடலுக்குத் தீங்கு என்பது வேறு ஓர் எண். வல்லுநர் குழுக்கள் அதை உச்ச வரம்பு என்று தனியாக வகுத்திருக்கின்றன, ஆனால் லேபிளில் அதற்கு இடம் கிடையாது. நாள் அளவுக்கும் உச்ச வரம்புக்கும் இடையிலுள்ள தூரம் சத்துக்குச் சத்து வேறுபடுவதால், பெரிய சதவீதம் பெரிய ஆபத்து என்றோ, சிறிய சதவீதம் பாதுகாப்பானது என்றோ கணக்குப் போட முடியாது.

சதவீதம் எவ்வளவு தூரம் வகுக்கும் எண்ணைப் பொறுத்தது என்பதற்கு உங்கள் பயோட்டினே சாட்சி. முன்பு லேபிளில் பயோட்டினின் நாள் அளவு 300 மைக்ரோகிராமாக இருந்தது. 2016-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதியில் அது 30 ஆனது. 5,000 மைக்ரோகிராம் கொண்ட அதே மாத்திரை பழைய பாட்டிலில் 1,667% என்றும், புதிய பாட்டிலில் 16,667% என்றும் நிற்கிறது. மாத்திரையில் ஒரு துகள்கூடக் கூடவில்லை. ஆகவே சதவீதத்தைப் பார்த்ததும் அதற்கு இடப்பக்கம் இருக்கும் மில்லிகிராம் அல்லது மைக்ரோகிராம் எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். கூடவே மேலே 'சர்விங் சைஸ்' என்ற வரியையும் பாருங்கள். உங்கள் பாட்டிலில் எல்லா எண்களும் இரண்டு மாத்திரைக்கானவை என்பதால் ஒன்று மட்டும் போட்டால் யாவும் பாதியாகும்.

உங்களைப் பயமுறுத்திய 41,667-ஐ முதலில் ஒதுக்கிவிடலாம். பி12-ஐ இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் பிடித்துக்கொண்டு போய்க் குடலில் சேர்க்கிறது. அந்தப் புரதம் ஒரு வேளைக்கு ஏறத்தாழ இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் சுமக்காது. மிச்சத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே தானாகக் கசிந்து இரத்தத்துக்குப் போகிறது. ஆயிரம் மைக்ரோகிராம் விழுங்கினாலும் உள்ளே சேர்வது பத்து, பன்னிரண்டு மைக்ரோகிராம்தான். பி12-க்கு உச்ச வரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை. நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குப் பி12 குறைவது வழக்கம் என்பதால், குறைபாடு உறுதியானவர்களுக்கு நாங்களே இந்த அளவை எழுதிக் கொடுக்கிறோம்.

மாறாக, 'மட்டும்' என்று நீங்கள் எழுதிய 167% சற்றுக் கவனிக்க வேண்டியது. வைட்டமின் ஏ-யின் நாள் அளவு 900 மைக்ரோகிராம். ரெட்டினால் வடிவில் பெரியவர்களுக்கு உச்ச வரம்பு 3,000. சதவீதத்தில் சொன்னால் 333-லேயே கூரை தட்டிவிடுகிறது. நீங்கள் எடுக்கும் 1,500 மைக்ரோகிராம் அதில் சரிபாதி. இத்துடன் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் சேர்ந்தால் மீதிப் பாதியும் நிரம்பலாம். கொழுப்பில் கரையும் இந்த வைட்டமின் கல்லீரலில் தங்கிச் சேரும். மிகுந்தால் கல்லீரலையும் எலும்பையும் கெடுக்கும், கர்ப்பிணிகளில் கருவின் உருவாக்கத்தையே பாதிக்கும். லேபிளில் ஏ-யின் பக்கத்தில் 'பீட்டா கரோட்டினாக இத்தனை சதவீதம்' என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்தப் பங்கை இந்த வரம்பில் சேர்க்க வேண்டாம், ஏனெனில் உடல் தேவைக்கேற்பவே அதை ஏ-யாக மாற்றிக்கொள்கிறது.

இரும்புச்சத்து இருந்தால் அதையும் பாருங்கள். லேபிளில் 100% என்பது 18 மில்லிகிராம், அதாவது மாதவிடாய் உள்ள பெண்ணின் தேவை. மாதவிடாய் நின்ற உங்கள் வயதில் அமெரிக்கப் பரிந்துரை 8 மில்லிகிராம்தான். நூறு என்று போட்டிருப்பதே உங்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல்.

இனி, பத்தியில் மூன்றாவதாக நிற்கும் 2,941%. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இதுதான். பி6-இன் நாள் அளவு 1.7 மில்லிகிராம்; உங்கள் மாத்திரைகளில் 50 மில்லிகிராம் இருக்கிறது. அத்துடன், பைரிடாக்சின் என்பது பி6-இன் இன்னொரு பெயர். அமெரிக்கப் பாட்டிலில் 'வைட்டமின் பி6' என்றும் நம் ஊர் அட்டையில் பைரிடாக்சின் என்றும் அச்சிட்டிருப்பதால், இரண்டையும் வேறு வேறு மருந்தென்று நினைத்து ஒன்றாக விழுங்குவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. காலை பத்து, இரவு பத்து. பாட்டிலின் ஐம்பதைச் சேர்த்தால் நாளொன்றுக்கு 70 மில்லிகிராம், ஏறத்தாழ நாற்பத்தொரு மடங்கு.

பி6-க்கு அமெரிக்காவில் 1998-இல் வகுத்த உச்ச வரம்பு 100 மில்லிகிராம். அதன்படி பார்த்தால் நீங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதை 12 மில்லிகிராமாக வைத்தது. அதன்படி நீங்கள் கிட்டத்தட்ட ஆறு மடங்கு மேலே இருக்கிறீர்கள். இவ்வளவு வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. 1983-இல் முதன்முதலில் விரிவாக எழுதப்பட்ட நோயாளிகள் நாளுக்குச் சில கிராம் அளவில் பி6 விழுங்கி, நடை தள்ளாடி வந்தவர்கள். அதற்குப் பிறகு, 50 மில்லிகிராமுக்கும் குறைவாக மாதக்கணக்கில் எடுத்தவர்களிடமும் நரம்புப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலிய மருந்து ஆணையம் 10 மில்லிகிராமுக்கு மேல் பி6 உள்ள மாத்திரைகளில் எச்சரிக்கை வாசகம் அச்சிடச் சொல்லியிருக்கிறது. எல்லாருக்கும் இது வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை.

மிகுதியான பி6 பாதிப்பது உணர்வு நரம்புகளை. இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி எரிச்சல், ஊசி குத்தல், மதமதப்பு தொடங்கி, பிறகு விரல்களுக்கும் வரும். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கும். காலையில் முகத்தில் தண்ணீர் அடிக்கக் கண்ணை மூடியதும் உடல் ஆடுகிறதா, கரண்ட் போன இருட்டில் வீட்டுக்குள்ளேயே தடுமாறுகிறீர்களா என்று கவனியுங்கள். பகல் வெளிச்சத்தில் கண் துணை நிற்பதால் இது தெரியாமலே போகும். சிக்கல் என்னவென்றால், சர்க்கரை நோயாலும் பி12 குறைவாலும் வரும் பாத மதமதப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதற்கென்று எழுதிய மாத்திரையே மதமதப்பைக் கூட்டும்போது, நோய் முற்றுகிறதென்று நினைத்து மாத்திரையை இன்னும் ஒன்று கூட்டுவதும் நடக்கிறது.

உங்கள் மதமதப்புக்குப் பி6-தான் காரணம் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு மாதம், 70 மில்லிகிராம், கூடிவரும் மதமதப்பு என்ற மூன்றும் சேர்ந்திருக்கும்போது அதை விசாரிக்காமல் விடக்கூடாது. மல்டிவைட்டமினை இன்றே நிறுத்திவிடுங்கள்; நிறுத்துவதால் உங்களுக்கு எந்தக் கேடும் வராது. மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டாம். நரம்பு மாத்திரையை, பாட்டிலையும் அட்டையையும் உங்கள் டாக்டரிடம் நேரில் காட்டி, பைரிடாக்சின் இல்லாத, பி12-இன் ஒரு வடிவமான மெகோபாலமினாக மாற்றலாமா என்று இந்த வாரமே கேளுங்கள். இரத்தத்தில் பி6 அளவைப் பார்க்க முடியும், ஆனால் நிறுத்திய பிறகு அது இறங்கத் தொடங்கிவிடும் என்பதால், பார்ப்பதானால் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். பி6 காரணமாக இருந்தால், நிறுத்திய முதல் சில வாரங்களில் மதமதப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். பயந்து மீண்டும் தொடங்கிவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது, சிலருக்கு முழுதாகப் போவதில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களுக்குப் பைரிடாக்சின் சேர்த்துக் கொடுப்பது நரம்பைக் காப்பதற்காக. அவர்கள் இதைப் பார்த்துத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

கடைசியாகத் தைராய்டு டெஸ்ட். பயோட்டின் 5,000 மைக்ரோகிராம் உடலுக்கு நஞ்சில்லை, அதற்கும் உச்ச வரம்பு கிடையாது. ஆனால் பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே பசைபோலப் பயன்படுத்தி ஹார்மோனைப் பிடித்து அளக்கின்றன; உங்கள் இரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின் இடையில் புகுந்து முடிவைத் திரித்துவிடும். முடி உதிர்வுக்குப் பயோட்டின் எடுத்த ஓர் இளம்பெண் டி.எஸ்.எச். தாழ்வாகவும் டி4 உயர்வாகவும் உள்ள தாளுடன் என்னிடம் வந்தார். தைராய்டு மிகைக்கு மருந்து தொடங்குவதாக இருந்தது. கை நடுக்கமோ, எடைக் குறைவோ, படபடப்போ இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி மறுபடி எடுத்தபோது இரண்டும் இயல்பாக இருந்தன. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனை இதே காரணத்தால் பொய்யாகக் குறைந்து காட்டலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. நீங்கள் இன்றே நிறுத்தினால் அடுத்த வார டெஸ்டுக்குள் பயோட்டின் வெளியேறிவிடும். குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வேண்டும். இருந்தாலும் இரத்தம் கொடுக்கும்போது, எந்தத் தேதி வரை பயோட்டின் எடுத்தீர்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.