ரெஸ்யூமேயில் நாலு இடத்தில் திருத்தினேன். ரெஸ்யூமேயை வேலை விளம்பரத்தோடு ஒப்பிட்டு எண் தரும் கருவியில், ஒரு டேட்டா அனலிஸ்ட் வேலைக்கான மேட்ச் ஸ்கோர் 58-லிருந்து 76 ஆகிவிட்டது. இதில் எந்தத் திருத்தம் உண்மையில் உதவியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசியாக வந்த வடிவத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியாகப் பழையபடி மாற்றி ஸ்கோர் பாருங்கள். எதை எடுத்தால் ஸ்கோர் இறங்குகிறதோ அதுதான் வேலை செய்த திருத்தம்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை அவசியம். வேலை விளம்பரத்தை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்து, எப்போதும் அதையே கொடுங்கள். பிறகு எதையும் மாற்றாமல் அதே ரெஸ்யூமேயை மூன்று முறை ஓட்டுங்கள். சொற்களை மட்டும் எண்ணும் கருவி ஒரே எண்ணைத்தான் தரும். ஏஐ மொழி மாதிரியை வைத்து மதிப்பிடும் கருவியில் எண் முன்னே பின்னே ஆடலாம். 75, 77, 76 என்று வந்தால், ஓரிரு புள்ளி வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை.

இப்போது ஓர் உதாரணம். திருத்தங்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: இரண்டு நெடுவரிசை டேபிளை ஒரே நெடுவரிசையாக்கியது, திறன் பட்டியலில் SQL, Power BI சேர்த்தது, முகப்புச் சுருக்கத்தை மாற்றி எழுதியது, "விற்பனை அறிக்கை தயாரித்தேன்" என்ற வரியை "SQL-இல் தரவை எடுத்து Power BI டேஷ்போர்டில் வாராந்திர விற்பனை அறிக்கை தயாரித்தேன்" என்று ஆக்கியது.

சுருக்கத்தைப் பழையபடி மாற்றினால் 76 அப்படியே நிற்கிறது. பட்டியலை எடுத்தால் 75, வேலை வரியை எடுத்தால் 74. இரண்டும் வீண் என்று இங்கேதான் பலர் தவறாக முடிவு செய்கிறார்கள். இரண்டிலும் அதே சொற்கள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது. இரண்டையும் சேர்த்து எடுத்துப் பாருங்கள்: 68. ஆகவே ஒரே விஷயத்தைத் தொடும் திருத்தங்களை ஜோடியாகவும் சோதிக்க வேண்டும்.

டேபிளைத் திரும்பக் கொண்டுவந்தால் 66. பத்துப் புள்ளி போகிறது, ஆனால் இதைப் பொருத்தம் என்று சொல்ல முடியாது. முன்பு கருவியால் படிக்க முடியாததை இப்போது படிக்கிறது, அவ்வளவுதான். பழைய ஃபைலை முழுதாக காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால், வருடமும் நிறுவனப் பெயரும் இடம் மாறிக் கிடப்பது தெரியும். அந்த லாபம் எந்த விளம்பரத்துக்கும் கிடைத்திருக்கும். அதனால் வடிவத்தை முதலில் சரிசெய்து, அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்குவதே சரி.

பட்டியலா, வேலை வரியா என்று ஸ்கோர் சொல்லாது. விளம்பரத்தின் கட்டாயத் தகுதிகளை எழுதி, ரெஸ்யூமேயில் இல்லை என்றால் 0, பெயர் மட்டும் இருந்தால் 1, செய்த வேலையோடு வந்தால் 2 என்று நீங்களே மதிப்பெண் போடுங்கள். பட்டியலுக்கு 1, வேலை வரிக்கு 2 வரும். இடம் போதாவிட்டால் நான் வேலை வரியைத்தான் வைப்பேன். மீதி 0 எல்லாம் "3 வருட அனுபவம்" போன்ற வரிகளாக இருந்தால், அவை திருத்தி ஏற்றக்கூடியவை அல்ல. அந்த விளம்பரத்துக்கு ஸ்கோர் பார்ப்பதை அதோடு நிறுத்திவிடலாம்.