கோடு விழாத மலேரியா

முருகேசன்: ஒரு சொட்டு ரத்தம் விட்டால் கோடு போட்டு மலேரியாவைக் காட்டும் சோதனை அட்டை, ரத்தத்தில் கிருமியையே பார்த்துவிடுமா?

பார்க்காது. கிருமி உண்டாக்கும் புரதத்தைத்தான் பிடிக்கும். ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான வகை மலேரியாவுக்குப் பெரும்பாலும் எச்ஆர்பி2 என்ற புரதம். அது ஏராளமாக வெளியேறும், வெயிலையும் ஓரளவு தாங்கும். இன்னொன்று எல்டிஎச். அது எல்லா வகை மலேரியாக் கிருமியிலும் உண்டு.

செல்வி: மருந்து முடித்துப் பத்து நாளாகிறது. காய்ச்சல் இல்லை, அட்டையில் கோடு மட்டும் வருகிறது. மறுபடி மருந்து வேண்டுமா?

எச்ஆர்பி2 கிருமி செத்த பிறகும் சில வாரங்கள் ரத்தத்தில் சுற்றும். கோட்டை நம்பி நீங்களாக மருந்து சாப்பிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டி ரத்தப் படலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரபு: நெகட்டிவ் என்றால் மலேரியா இல்லை, அவ்வளவுதானே?

இல்லை. கிருமி குறைவாக இருந்தாலும் கோடு விழாது. காய்ச்சல் தொடர்ந்தால் படலம் பாருங்கள்.

ஜெயந்தி: கிருமி நிறைய இருந்தும் கோடு விழாமல் போகுமா?

போகும். எரித்ரியாவில் 2016-இல் கிண்டா மருத்துவமனையில் ஃபால்சிபாரம் உறுதியான 26 பேரில் 21 பேரின் கிருமிகளில் எச்ஆர்பி2 மரபணுவே இல்லை. மசாவா மருத்துவமனையில் 24 பேரில் 10 பேர். மரபணு இல்லையென்றால் புரதம் இல்லை, கோடும் இல்லை. ஆனால் கிருமி நன்றாகவே வளர்கிறது!

இப்படி வந்தால் முதலில் அட்டையைச் சந்தேகப்படுங்கள். வேறு தொகுதி அட்டையில் அதே ரத்தத்தைப் பாருங்கள். அப்புறம் படலம், எல்டிஎச் கோடு. இரண்டிலும் தெரிந்து எச்ஆர்பி2 மட்டும் விழவில்லை என்றால் பிசிஆரில் மரபணுவைத் தேட வேண்டும். எச்ஆர்பி3 என்ற உறவுக்காரப் புரதம் மிச்சமிருந்தால் கிருமி மிகுந்தபோது மங்கலாக ஒரு கோடு விழுந்து குழப்பும். அதனால் அந்த மரபணுவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ரஃபீக்: அட்டையால்தான் இந்த மரபணு இல்லாத கிருமி பரவுகிறது. கோடு காட்டும் கிருமிக்கு மருந்து, காட்டாததற்கு விடுதலை.

நியாயமான வாதம். எரித்ரியாவுக்குப் பொருந்தலாம்.

தேன்மொழி: பெருவில் முக்கியமாக மைக்ரோஸ்கோப்தானே பயன்பட்டது? அங்கே 2010-லேயே இந்தக் கிருமி தெரியவந்ததே.

மாட்டிவிட்டீர்கள். ஆம், பெருவை அட்டையால் விளக்க முடியாது. அங்கே மலேரியா குறைவு, ஒருவர் உடலில் பெரும்பாலும் ஒரே வகைக் கிருமிதான். அதனால் மரபணு இல்லாத குறை பளிச்சென்று தெரிந்திருக்கும். நோய் அதிகமுள்ள இடத்தில் மரபணு உள்ளதும் இல்லாததும் ஒரே உடலில் கலந்திருக்கும், உள்ளது கோடு போட்டு மற்றதை மறைத்துவிடும்.

ரஃபீக்: அப்போ என் வாதம் தப்பா?

பாதி சரி. அட்டை குறையை உண்டாக்கவில்லை, இருப்பதைப் பெருக்கலாம். எங்கே எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது.

சுதா: அப்படியானால் எல்லா ஊரிலும் எல்டிஎச் அட்டைக்கே மாறலாமே?

அது வெயிலில் சீக்கிரம் கெடும், கிருமி குறைவாக இருந்தால் தவறவும் விடும். இந்தக் குறையால் தவறும் ஃபால்சிபாரம் 5 சதவீதத்தைத் தாண்டினால் மாறச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கணேஷ்: டெங்கு அட்டையும் இப்படித்தானா?

அது வேறு கதை, டெங்கு தெரிந்தவரைக் கேளுங்கள்.

வினோத்: சார், நெகட்டிவ் வந்தாச்சு. நிம்மதியாக இருக்கலாமா?

பிரபுவுக்கு எழுதியதைப் படிங்க சார்.